ஏறும் கோட்டைத் தொடும் விலை

2020 டிசம்பர் 21, திங்கட்கிழமை. பிரிட்டனில் உருமாறிய கொரோனா வைரஸ் பரவுகிறது என்ற செய்தி உலகச் சந்தைகளை உலுக்கியது. அக்டோபர் இறுதியில் தொடங்கி ஏறக்குறைய ஓய்வே இல்லாமல் ஏறி வந்திருந்த நிஃப்டி 50 குறியீடு, அன்று ஒரே நாளில் 432 புள்ளிகளை இழந்து 13,328-இல் முடிந்தது. மூன்று சதவீதத்துக்கும் மேலான சரிவு. ஏற்றத்தைத் தவறவிட்டு வெளியே நின்றவர்களுக்கு அன்று ஒரு கேள்வி எழுந்திருக்கும்: இது வாங்க வேண்டிய இறக்கமா, விலகி நிற்க வேண்டிய இறக்கமா?

அந்தச் சரிவு நின்ற இடத்தில் ஒரு கோடு இருந்தது. அன்றையதையும் சேர்த்துக் கடைசி 20 வர்த்தக நாள்களின் முடிவு விலைகளைக் கூட்டி 20-ஆல் வகுத்தால் சுமார் 13,315 வரும். பகலில் நிஃப்டி அதற்குக் கீழே 13,131 வரை போய், முடிவில் கோட்டின் மேலேயே வந்து நின்றது. மறுநாள் காலையும் சறுக்கி 13,200-க்குக் கீழே இறங்கியது. மாலையில் 13,466-இல் முடிந்தது. ஜனவரி 14 அன்று முடிவு விலை 14,595.

சார்ட் பார்க்கும் டிரேடர்கள் இதைப் புல்பேக் என்பார்கள். ஏற்றத்தில் இருக்கும் விலை சற்றே பின்வாங்கி, ஏறிக்கொண்டிருக்கும் மூவிங் ஆவரேஜைத் தொட்டு, மறுபடி மேலே கிளம்புவது. அந்தத் தொடுதலுக்காகக் காத்திருந்து வாங்குவது பழைய முறை. லிண்டா ராஷ்கியும் லாரன்ஸ் கானர்ஸும் 1995-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஸ்மார்ட்ஸ்' நூலில் இதன் ஒரு வடிவம் உண்டு. ஏற்றம் வலுவாக இருக்கிறதா என்பதை ஏ.டி.எக்ஸ். என்ற அளவுகோலால் உறுதி செய்துகொண்டு, விலை 20 நாள் சராசரிக்கு இறங்கும்வரை பொறுத்திருந்து, முந்தைய கேண்டிலின் உச்சியைத் தாண்டும்போது வாங்கச் சொல்கிறார்கள். கோட்டைத் தொட்டவுடன் வாங்கும்படி அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த முறையில் கைசுடுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சுட்டுக்கொள்கிறார்கள். கோட்டையே தாங்குதளமாக நினைத்து, விலை அதைத் தொட்ட கணத்தில் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கோட்டில் யாரும் வாங்குவதற்காகக் கட்டாயம் காத்திருப்பதில்லை. அது நடந்து முடிந்த விலைகளின் சராசரி மட்டுமே. அது ஒரு தொடுதலை மதிக்குமா என்பதற்கான தடயங்கள் மூன்று இடங்களில் கிடைக்கின்றன: கோட்டின் சாய்வில், இறக்கத்தின் ஆழத்தில், தொட்ட இடத்தில் கேண்டில் நடந்துகொண்ட விதத்தில்.

முதலில் சாய்வு. பலர் இதைக் கண்ணால் பார்த்து 'மேலே போகிறது' என்று முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் சாய்வுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 50 நாள் சராசரியில் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய விலை உள்ளே வருகிறது, 50 நாளுக்கு முந்தைய விலை ஒன்று வெளியே போகிறது. உள்ளே வருவது பெரிதாக இருந்தால் கோடு ஏறும், சிறிதாக இருந்தால் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 50-ஆல் வகுத்தால் அன்று கோடு எத்தனை புள்ளி நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அடுத்த ஒரு வாரத்தில் வெளியேறப்போகும் விலைகள் எவை என்பது இன்றே சார்ட்டில் இருக்கிறது. விலை இப்போதிருக்கும் இடத்திலேயே நின்றால் கோடு தொடர்ந்து ஏறுமா, தட்டையாகுமா என்பதை முன்கூட்டியே கணித்துவிடலாம்.

டிசம்பர் 22-க்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 20 நாள் சராசரிக்குள் வந்த விலை 13,466. வெளியே போனது நவம்பர் 23-இன் 12,926. வித்தியாசம் 540, அதை 20-ஆல் வகுத்தால் 27. அத்தனை பெரிய சரிவுக்குப் பிறகும் கோடு நாளொன்றுக்கு 27 புள்ளி வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. விலைக்கு அடியில் தரை உயர்ந்துகொண்டே வந்தது என்று சொல்லலாம்.

ஆழத்தை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முந்தைய ஏற்றத்தில் எத்தனை பங்கை இறக்கம் திருப்பி எடுத்துக்கொண்டது என்பதுதான் அளவு. மூன்றில் ஒரு பங்கு என்றால் லேசான இறக்கம், பாதி என்றால் நடுத்தரம், மூன்றில் இரண்டை நெருங்கினால் ஏற்றத்தின் மீதே சந்தேகம் வர வேண்டும் என்பது டிரேடர்களின் நெடுநாள் வழக்கம். ஆனால் ஏற்றம் எங்கே தொடங்கியது என்று வைத்துக்கொள்கிறோமோ, அதைப் பொறுத்து விடை மாறிவிடும். டிசம்பர் 21-இன் 432 புள்ளி இறக்கத்தை அக்டோபர் 30-இன் 11,642-இலிருந்து வந்த ஏற்றத்தோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான். நவம்பர் கடைசி வாரத்தின் 12,858-இலிருந்து அளந்தால் கிட்டத்தட்டப் பாதி. வாங்கத் துடிப்பவர் தனக்கு வசதியான தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார். இதைத் தவிர்க்க ஒரு நேர்மையான வழி, தொடக்கப்புள்ளியைக் கோட்டோடு கட்டிவிடுவது. 20 நாள் சராசரியைப் பார்க்கிறவர் அந்த 20 நாள்களுக்குள் வந்த மிகக் குறைந்த முடிவு விலையிலிருந்து அளக்கட்டும். 50 நாள் சராசரி என்றால் 50 நாள்களுக்குள். இந்த விதிப்படி டிசம்பர் இறக்கம் 48 சதவீதம். நடுத்தர ஆழம்.

மூன்றாவது கேண்டில். ஒரு நாளின் கேண்டிலில் நான்கு விலைகள் இருக்கின்றன: தொடக்கம், உச்சம், அடி, முடிவு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் உள்ளது உடல். அதற்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் விக். கேண்டில்களுக்கு ஜப்பானிய மரபில் எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு கேள்வி அதிகம் உதவும்: அன்றைய மொத்த வீச்சில் முடிவு விலை எந்த உயரத்தில் இருக்கிறது? டிசம்பர் 22 அன்று அடி 13,193, உச்சம் 13,492, வீச்சு சுமார் 300 புள்ளி. முடிவு 13,466, அதாவது அடியிலிருந்து 273 புள்ளி மேலே. வீச்சின் பத்தில் ஒன்பது பங்கு உயரத்தில் நாள் முடிந்தது. காலையில் விற்றவர்கள் விலையைக் கோட்டுக்குக் கீழே தள்ளினார்கள். அந்த விலையில் வாங்கியவர்கள் மாலைக்குள் அதை முழுவதும் மீட்டு, நாளின் உச்சிக்கு அருகில் கொண்டுவந்து வைத்தார்கள். நீண்ட கீழ் விக் சொல்லும் செய்தி இதுதான். ஏறும் கோட்டின் அருகில் வரும்போது இதற்கு மதிப்பு அதிகம். வெட்டவெளியில், ஏற்றத்தின் நடுவில் இதே வடிவம் வந்தால் அதற்கு அவ்வளவு பொருள் இல்லை.

சாய்வு செங்குத்தானது, ஆழம் நடுத்தரம், கேண்டில் தெளிவானது. பாடப்புத்தகத்தில் வைக்கத்தக்க உதாரணம். ஆனால் பெரும்பாலான தொடுதல்கள் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. ஐந்து வாரம் கழித்து அதே நிஃப்டியில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும்.

2021 ஜனவரி 21 அன்று பகலில் 14,753 வரை போன குறியீடு, அன்று தொடங்கி ஆறு வர்த்தக நாள்கள் தொடர்ந்து இறங்கியே முடிந்தது. ஜனவரி 29, வெள்ளிக்கிழமை. மத்திய பட்ஜெட்டுக்கு முந்தைய கடைசி வர்த்தக நாள். முடிவு விலை 13,634. அன்று 50 நாள் சராசரி சுமார் 13,740. அதாவது விலை கோட்டைத் தொட்டுத் திரும்பவில்லை. நூறு புள்ளிகளுக்கும் மேல் கீழே போய் முடிந்தது. கேண்டிலும் மோசம். உச்சம் 13,967, அடி 13,597. முடிவு, வீச்சின் அடிப் பத்தில் ஒரு பங்குக்குள். வாங்குபவர்கள் தலைகாட்டவே இல்லை.

கோட்டுக்குக் கீழே முடிந்தால் முறை தோற்றுவிட்டதாகக் கொள்கிறவர்கள் அன்றே கைவிட்டிருப்பார்கள். ஆனால் சாய்வைக் கணக்கிட்டால் வேறு படம் கிடைக்கிறது. அன்று 50 நாள் சராசரிக்குள் வந்தது 13,634. வெளியேறியது நவம்பர் 17-இன் 12,874. வித்தியாசம் 760, அதாவது நாளொன்றுக்கு 15 புள்ளி ஏற்றம். அடுத்த பல நாள்களில் வெளியேறவிருந்த விலைகளும் 12,770-க்கும் 13,100-க்கும் இடைப்பட்டவை. விலை அங்கேயே படுத்துக்கிடந்தாலும் கோடு ஏறிக்கொண்டுதான் இருக்கும். 50 நாள்களின் அடியான 12,771-இலிருந்து அளந்த ஆழம் 54 சதவீதம். பாதியைத் தாண்டிவிட்டது, எல்லையை மீறவில்லை.

இங்கே கோட்டை ஒரு மெல்லிய இழையாக நினைக்காமல் ஒரு பட்டையாக நினைப்பது உதவும். அந்த மாதத்தில் நிஃப்டி ஒரு நாளில் சுமார் 200 புள்ளி மேலும் கீழுமாக அசைந்துகொண்டிருந்தது. அப்படியிருக்க, நூறு புள்ளி கீழே போவது அரை நாள் அசைவு. ஒரு நாளின் வழக்கமான அசைவுக்குள் அடங்கும் மீறலைத் தொடுதலாகவே கருதலாம். அதற்கு மேல் போனால்தான் அது உடைப்பு. இந்தப் பட்டையின் அகலம் ஒவ்வொரு பங்குக்கும் வேறுபடும். நாளுக்கு ஒரு சதவீதம் அசையும் வங்கிப் பங்குக்கும் நாலு சதவீதம் துள்ளும் சிறு நிறுவனப் பங்குக்கும் ஒரே அளவு பொருந்தாது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை வாங்குவதற்கான நாள் இல்லை. சாய்வும் ஆழமும் சரி, கேண்டில் மறுக்கிறது. அப்போது செய்ய வேண்டியது, அடுத்த கேண்டில் பேசும்வரை பொறுப்பது. பிப்ரவரி 1, பட்ஜெட் நாளில் நிஃப்டி 13,662-க்குக் கீழே போகவே இல்லை, 4.7 சதவீதம் ஏறி 14,281-இல் முடிந்தது. முந்தைய நாளின் உச்சியைத் தாண்டி, கோட்டுக்கு மேலே, வீச்சின் உச்சிக்கு அருகில். வெள்ளிக்கிழமையின் உச்சமான 13,967-ஐத் தாண்டும்போது வாங்குவது என்று வைத்திருந்தவர் அன்று பகலிலேயே உள்ளே வந்திருப்பார். பிப்ரவரி 16-இல் குறியீடு 15,431-ஐத் தொட்டது. பட்ஜெட் எந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம் என்பது உண்மை. ஆகவேதான் 'உச்சியைத் தாண்டினால் மட்டும் வாங்கு' என்ற நிபந்தனை பயன்படுகிறது. பட்ஜெட் ஏமாற்றியிருந்தால் அந்த ஆர்டர் நிறைவேறியே இருக்காது, பணமும் போயிருக்காது.

இனி தோற்ற கதை. 2024 செப்டம்பர் 27 அன்று நிஃப்டி 26,277 என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. அடுத்த சில நாள்களில் மேற்கு ஆசியாவில் போர்ப் பதற்றம் முற்றியது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் விற்கத் தொடங்கி, அக்டோபர் மாதத்தில் மட்டும் இந்தியப் பங்குகளிலிருந்து 90,000 கோடி ரூபாய்க்கும் மேல் எடுத்துச்சென்றார்கள். அக்டோபர் 3 அன்று 546 புள்ளி சரிவு, மறுநாள் 235, அக்டோபர் 7 அன்று 218. முடிவு 24,796. அக்டோபர் 8, ஹரியானா தேர்தல் முடிவுகள் வந்த நாள். நிஃப்டி 217 புள்ளி மீண்டு 25,013-இல் முடிந்தது. 50 நாள் சராசரி அப்போது சுமார் 25,045. கோட்டின் மடியில் ஒரு பச்சைக் கேண்டில். முடிவும் நாளின் உச்சமான 25,044-க்கு மிக அருகில். கேண்டிலை மட்டும் பார்த்தால் 2020 டிசம்பர் 22-இன் உடன்பிறப்பு என்று தோன்றும்.

சாய்வைப் பார்த்தால் உறவு அறுந்துவிடுகிறது. அன்று உள்ளே வந்தது 25,013, வெளியேறியது ஜூலை 26-இன் 24,835. வித்தியாசம் வெறும் 178, நாளொன்றுக்கு நாலு புள்ளிகூட இல்லை. செப்டம்பர் 26-இல் இதே கோடு நாளுக்கு 32 புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. ஏழே வர்த்தக நாள்களில் அந்த வேகம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இன்னும் முக்கியமாக, அடுத்த நான்கு நாள்களில் வெளியேறவிருந்தவை 24,836, 24,857, 24,951, 25,011. அந்த நான்கு நாள்களும் கோடு பழைய வேகத்தில் மேலே நகர விலை கணிசமாக உயர்ந்தாக வேண்டும். அங்கேயே நின்றால் கோடு ஏறக்குறையத் தட்டை. சார்ட்டில் அப்போதும் கோடு மேல்நோக்கி வளைந்த மாதிரிதான் தெரியும், ஏனென்றால் கண் பார்ப்பது கடந்த இரண்டு மாதத்தை. ஆழமும் எச்சரித்தது. ஆகஸ்ட் 6-இன் 23,993-இலிருந்து 26,216 வரை வந்த ஏற்றத்தில் 64 சதவீதத்தை அக்டோபர் 7-க்குள் இறக்கம் விழுங்கியிருந்தது. அதுவும் ஆறே வர்த்தக நாள்களில். இரண்டு மாதத்தில் கட்டியதன் பெரும்பகுதியை ஒரு வாரத்தில் இடிக்கும் வேகம், இளைப்பாறும் சந்தையின் வேகமல்ல.

மறுநாள் அக்டோபர் 9. ரிசர்வ் வங்கி தன் கொள்கை நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றியது. நிஃப்டி 25,234 வரை ஏறி, பிறகு எல்லாவற்றையும் இழந்து 24,982-இல் முடிந்தது. கோட்டுக்கு மேலே நீண்ட விக், கோட்டுக்குக் கீழே முடிவு. தாங்கவேண்டிய கோடு தடுக்கும் கோடாக மாறுவதை ஒரே கேண்டில் காட்டியது. முந்தைய நாளின் உச்சியைத் தாண்டியபோது வாங்கியவர் இந்த இடத்திலேயே வெளியேறியிருந்தால் நட்டம் சிறிது. அக்டோபர் 22 அன்று முடிவு 24,472. நவம்பர் 21-இல் 23,263 வரை இறங்கியது.

மூன்று நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் ஆழம் 48, 54, 64 என்று படிப்படியாகக் கூடுகிறது. ஆனால் 54-க்கும் 64-க்கும் உள்ள இடைவெளியை மட்டும் நம்பிப் பணம் போட முடியாது. கேண்டிலும் தனியாக நம்பத்தக்கதல்ல: நல்ல கேண்டில் ஒருமுறை தோற்றது, மோசமான கேண்டிலுக்கு மறுநாள் ஒருமுறை வென்றது. தெளிவாகப் பிரித்துக்காட்டியது சாய்வு. விலையின் சதவீதமாகச் சொன்னால், டிசம்பர் கோடு நாளுக்கு 0.2 சதவீதம் ஏறியது, ஜனவரி கோடு 0.11, அக்டோபர் கோடு 0.015-க்கும் கீழே. மூன்று உதாரணங்கள் ஒரு விதியை நிரூபித்துவிடாது. செங்குத்தாக ஏறும் கோடுகளும் உடைந்திருக்கின்றன. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கொரோனா வந்தபோது எந்தக் கோடும் எதையும் தாங்கவில்லை. ஆனாலும் எந்தத் தொடுதலைப் புறக்கணிப்பது என்று முடிவுசெய்ய, கழித்து வகுக்கும் இந்தச் சின்னக் கணக்கைவிட மலிவான கருவி சார்ட்டில் இல்லை.

வாங்குவது என்று முடிவானால், எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. டிசம்பர் 22-இன் கேண்டிலை வைத்துச் செய்து பார்க்கலாம். வாங்கும் இடம் அதன் உச்சிக்கு மேலே, 13,492. ஸ்டாப்லாஸ் அதன் அடிக்குக் கீழே, 13,193. இடையில் 300 புள்ளி. இரண்டு லட்ச ரூபாய் மூலதனம் உள்ளவர் ஒரு வர்த்தகத்தில் ஒரு சதவீதம், அதாவது 2,000 ரூபாய் மட்டுமே இழக்கத் தயார் என்று வைத்துக்கொள்வோம். நிஃப்டியைப் பின்தொடரும் ஒரு ஈ.டி.எஃப். யூனிட்டின் விலை குறியீட்டில் நூறில் ஒரு பங்கு என்றால், ஒரு யூனிட்டுக்கு ஆபத்து மூன்று ரூபாய். 660 யூனிட் வாங்கலாம், ஏறக்குறைய 89,000 ரூபாய்க்கு. அதே இடத்தில் ஒரு லாட் நிஃப்டி ஃபியூச்சர் வாங்கியிருந்தால்? அப்போது ஒரு லாட் 75. முந்நூறு புள்ளிக்கு 22,500 ரூபாய் ஆபத்து, மூலதனத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். சார்ட்டைச் சரியாகப் படித்தவரைக்கூட இரண்டு மூன்று தவறான தொடுதல்களில் முடக்கிப்போட இது போதும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

லாபத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள விகிதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் பலரை அது ஏமாற்றுகிறது. புல்பேக்கில் வாங்குகிறவர் முதல் இலக்காகப் பழைய உச்சத்தை வைப்பது வழக்கம். டிசம்பரில் 13,492-இல் வாங்கினால் பழைய உச்சமான 13,777 வரை 285 புள்ளிதான்; ஆபத்தான 300-ஐ விடக் குறைவு. ஜனவரியில் 13,967-இலிருந்து 14,753 வரை 786 புள்ளி, ஆபத்து 370, இரண்டு மடங்கு. 2024 அக்டோபரில் 25,044-இலிருந்து 26,277 வரை 1,233 புள்ளி, அக்டோபர் 7-இன் அடிக்குக் கீழே ஸ்டாப்லாஸ் வைத்தால் ஆபத்து சுமார் 350, மூன்றரை மடங்கு. காகிதத்தில் மிக அழகாகத் தெரிந்தது தோற்ற வர்த்தகம்தான். காரணம் எளிது: இறக்கம் ஆழமாக ஆக, பழைய உச்சம் தூரம் போகிறது, விகிதம் தானாகப் பெருக்கிறது. ஆகவே இந்த விகிதத்தைக் கொண்டு தொடுதல்களை வரிசைப்படுத்துகிறவர் தெரியாமலே மிக ஆழமான இறக்கங்களை, அதாவது மிகப் பலவீனமான ஏற்றங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார். டிசம்பர் போன்ற வலுவான கோட்டில் பழைய உச்சத்தை இலக்காக வைக்காமல், முடிவு விலை கோட்டுக்குக் கீழே ஒரு நாள் அசைவுக்கு மேல் இறங்கும்வரை பங்கை வைத்திருப்பதே பொருந்தும். அப்படி வைத்திருந்தவர் ஜனவரி 14 அன்று 1,100 புள்ளி லாபத்தில் இருந்தார். ஜனவரி 27, 28 தேதிகளில் குறியீடு 20 நாள் கோட்டை உடைத்துக் கீழே 13,967, 13,817 என்று முடிந்தபோது, அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியோடு வெளியே வந்திருப்பார்.